தோசைக்கல்லில் மசாலா ஆம்லெட்: முதலாவது மெத்து, நாலாவது ரப்பர்

கேள்வி: "வீட்டில் நாலு பேர். இரும்பு தோசைக்கல்லில் மசாலா ஆம்லெட் போட்டால் முதல் ஒன்றுதான் மெத்தென்று வருகிறது. அடுத்தடுத்து போடுவது அடியில் பழுப்பாகி, கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. தீ எவ்வளவு வைக்கணும், எப்போ மடிக்கணும்? கேஸ் அடுப்பு, ஊர் கும்பகோணம் பக்கம்."

முதலாவது நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் முட்டையிலும் கோளாறில்லை, மசாலாவிலும் கோளாறில்லை, உங்கள் கையிலும் கோளாறில்லை. நாலு ஆம்லெட்டுக்கும் இடையில் மாறுவது ஒன்றே ஒன்று, கல்லின் சூடு. தீயை நீங்கள் ஒரே அளவில்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் கல் அதே அளவில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும்.

வீட்டு இரும்புக்கல் ஒன்று சுமார் இரண்டரை கிலோ இருக்கும். இரண்டு முட்டை, கொஞ்சம் வெங்காயம் எல்லாம் சேர்ந்தால் நூற்றைம்பது கிராம்கூட வராது. அவ்வளவு கனமான இரும்பு அவ்வளவு சின்னக் கலவையை வேகவைக்கத் தரும் சூட்டில் கல்லுக்குக் குறைவது ஏறக்குறைய 20 டிகிரிதான். அதாவது சரியான சூட்டுக்கு வந்துவிட்ட கல், கீழே தீயே இல்லாவிட்டாலும் ஒரு ஆம்லெட்டை வேகவைத்துவிடும். இது தெரியாமல் நடுத்தரத் தீயிலேயே நாலையும் போட்டால், ஒவ்வொரு ஆம்லெட்டும் எடுத்துக்கொள்ளும் சூட்டைவிடத் தீ கொடுக்கும் சூடு அதிகமாகிவிடும். மிச்சமெல்லாம் கல்லில் சேர்கிறது. மூன்றாவது ஆம்லெட் ஊற்றும்போது கல் முறுகல் தோசைக்கான சூட்டுக்குப் போயிருக்கும். தோசைக்கு அது வேண்டும், முட்டைக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அடித்த முட்டை 60 டிகிரிக்கு மேல் கெட்டிப்படத் தொடங்கி, 70 முதல் 75 டிகிரிக்குள் முழுதும் உறைந்துவிடும். அந்தக் கட்டத்தில் முட்டையின் புரதம் வலையாகப் பின்னிக்கொண்டு தன்னிடமுள்ள தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. நாம் மெத்தென்று சொல்வது அந்தத் தண்ணீரைத்தான். சூடு 80 டிகிரியைத் தாண்டினால் வலை இறுகும், தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் வைத்த ஆம்லெட்டைச் சுற்றி மஞ்சளாகக் கொஞ்சம் நீர் கோத்திருந்தால் அது எண்ணெய் அல்ல, முட்டை விட்ட தண்ணீர். அப்படி நீர்விட்ட ஆம்லெட் பல்லில் கீச்சென்று வழுக்கும். திரும்ப மெத்தாக்க வழி கிடையாது.

பழுப்பு வேறு கதை. தண்ணீர் வற்றிய பரப்பில் சூடு 140 டிகிரியை ஒட்டிப் போகும்போதுதான் நிறம் வேகமாக ஏறும். முட்டையின் அடிப்பக்கம் பழுத்துவிட்டது என்றால் அந்தப் பரப்பு முழுதும் காய்ந்துவிட்டது என்று பொருள். மேலே இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று காத்திருப்பீர்கள், அதற்குள் அடியில் அரை மில்லிமீட்டர் தோலாகிவிடும். பழுப்பும் ரப்பரும் ஒன்றல்ல, ஆனால் வீட்டுக் கல்லில் இரண்டும் பெரும்பாலும் கூடவே வரும். ராத்திரி பரோட்டாக் கடையில் பொன்னிறமாக, ஓரம் முறுகலாக ஒரு ஆம்லெட் தருகிறார்களே, அது உள்ளே மெத்தென்று இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே கல் மிகச் சூடு, எண்ணெய் தாராளம், ஆள் வேகம். அடி நிறம் பிடிப்பதற்கும் உள்ளே இறுகுவதற்கும் இடையில் உள்ள சில நொடிகளுக்குள் எடுத்துவிடுவார். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. அதை வீட்டில் செய்ய முயன்றால் பத்தில் ஏழு தரம் தோல்தான் கிடைக்கும் என்பது என் கணிப்பு. கீழே சொல்வது நிறம் பிடிக்காத, அல்லது அங்கங்கே வெளிர் பொன்னிறம் மட்டும் பட்ட ஆம்லெட்டுக்கு.

ஒரு ஆம்லெட்டுக்கு அளவு: நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண முட்டை இரண்டு, சின்ன வெங்காயம் ஏழெட்டு, பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை ஐந்தாறு இலை, கொஞ்சம் கொத்தமல்லி, பொடித்த மிளகு கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே உடைக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்ற கலவை ஊற்றிய இடத்தில் கல்லைச் சட்டென்று குளிரவைத்து ஒட்டிக்கொள்ளும். அதோடு மேல்பக்கம் வேக அதிக நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் அடிப்பக்கத்துக்குத் தண்டனை.

உப்பை முட்டையில் முதலில் போட்டு அடித்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். உப்புப் பட்ட முட்டை சற்று அடர்ந்த மஞ்சளாகித் தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்தது வேகும்போது அதிகம் இறுகாது. வெங்காயத்தை மட்டும் ஊற்றப்போகும் கடைசி நிமிடத்தில் கலக்குங்கள். உப்போடு சேர்ந்து ஊறினால் வெங்காயம் தண்ணீர் விட்டுவிடும், கலவை நீர்த்துப்போய், கல்லில் பட்டதும் வேகாமல் கொதிக்கும். பால் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாலின் சர்க்கரை நிறத்தை வேகமாக ஏற்றும், உங்கள் குறையே அதுதான். மெத்தென்று வரவேண்டும் என்று ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால் முட்டைக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் போதும்.

எவ்வளவு அடிப்பது? முள்கரண்டியால் கலவையைத் தூக்கினால் வெள்ளைக்கரு நூலாகத் தொங்கக் கூடாது. அதோடு நிறுத்துங்கள். டம்ளரில் போட்டு நுரை பொங்க அடிக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு, பார்க்கவும் உப்பலாக அழகாக வரும். ஆனால் நுரையில் இருப்பது காற்று, காற்று சூட்டை மேலே விடாது. அடி பழுத்து முடிந்த பிறகும் மேலே பச்சையாகவே இருக்கும், வேறு வழியில்லாமல் திருப்பிப் போட வேண்டிவரும்.

வெங்காயம் பற்றி இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆம்லெட்டின் அடியில் கரும்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அது முட்டை அல்ல, கல்லில் நேராகப் பட்ட வெங்காயத் துண்டு. சின்ன வெங்காயத்தில் சர்க்கரை உண்டு, முட்டைக்கு முன்பே அது கருகும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் அதிகமானாலும் இப்படித்தான், கசப்பும் சேரும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினால் இது பாதி தீரும். மீதிக்கு ஒரு வழி: வெங்காயத்தையும் மிளகாயையும் சின்ன வாணலியில் அரை டீஸ்பூன் எண்ணெயில் ஒரு நிமிடம், நிறம் மாறாமல், கண்ணாடிப் பதத்துக்கு வதக்கி ஆறவைத்து முட்டையில் சேருங்கள். ஆறாமல் சேர்த்தால் கிண்ணத்திலேயே முட்டை திரியும். பச்சை வெங்காயத்தின் நறுக்கென்ற கடி பிடிக்கும் என்பவர்கள், முட்டையை மட்டும் முதலில் ஊற்றிவிட்டு வெங்காயத்தை மேலே தூவலாம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான், ரசம் சாதத்துக்கு அந்தக் கடி இருந்தால்தான் நன்றாக இருக்கும். தக்காளி வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் விதையையும் சாற்றையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள்.

இனி கல். நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு அசையாமல் கிடந்து மெதுவாகக் குமிழிவிட்டால் சூடு போதாது, முட்டை ஒட்டும். சொட்டு பரவி, சுர்ரென்று கொதித்து, இரண்டு மூன்று நொடியில் காய்ந்தால் அதுதான் உங்கள் சூடு. சொட்டு பரவாமல் உருண்டையாகத் திரண்டு கல்லின் மேல் ஓடினால் அளவுக்கு மீறிய சூடு. இந்த ஓடும் சொட்டைத்தான் பலர் "கல் நன்றாகக் காய்ந்துவிட்டது" என்பதற்கு அடையாளமாக நினைக்கிறார்கள். தோசைக்கே அந்தச் சூட்டில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் மாவு ஊற்றுவார்கள். சொட்டை நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று தெளித்துப் பாருங்கள். கேஸ் அடுப்பில் சுடர் படும் வளையத்துக்கு மேலே ஓடும், ஓரத்தில் சோம்பிக் கிடக்கும். அப்படியிருந்தால் தீயைக் குறைத்து இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், சூடு பரவிச் சமமாகும். கல் முழுதும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றில்லை, ஆம்லெட் பரவும் ஏழு அங்குல வட்டம் சமமாக இருந்தால் போதும்.

சூடு சரியாக வந்ததும் தீயை சிம்முக்குக் கொண்டுவந்து, ஒன்றரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, அதே வட்டத்துக்குத் தடவுங்கள். எண்ணெய் விட்டதும் புகைந்தால் முட்டையை ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். கலவையை நடுவில் ஊற்றி, கிண்ணத்தின் விளிம்பாலோ கரண்டியாலோ லேசாகப் பரப்புங்கள். ஏழு அங்குல வட்டத்துக்கு இரண்டு முட்டைக் கலவை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் வரும். தோசை மாதிரி கல் முழுக்க இழுத்தால் இரண்டு மில்லிமீட்டர்தான் நிற்கும், அதற்கு மேலும் கீழும் என்று வித்தியாசமே கிடையாது, பதம் பார்க்க நேரமில்லாமல் மொத்தமும் காய்ந்துவிடும். மெல்லிசான ஆம்லெட் ரப்பராவதற்குத் தீயைவிட இதுவே முதல் காரணம்.

ஊற்றும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய சொய்ங் போதும். படபடவென்று வெடித்து, ஓரம் உடனே பெரிய பெரிய கொப்புளமாக எழுந்து பழுப்புச் சரிகை கட்டினால் கல் சூடு அதிகம். உடனே அடுப்பை அணைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள், அந்தக் கல் தன் சூட்டிலேயே முடித்துக்கொடுக்கும்.

பதினைந்து இருபது நொடியில் ஓரம் வெளிறி உறையும். தோசைத்திருப்பியின் முனையால் உறைந்த ஓரத்தை மூன்று நாலு இடத்தில் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, வெறுமையாகும் இடத்துக்கு மேலே நிற்கும் பச்சைக் கலவையை ஓடவிடுங்கள். ஓரம் காயாது, உள்ளே மடிப்பு மடிப்பாக ஈரம் நிற்கும், மேலே தேங்கிய பச்சையும் சீக்கிரம் தீரும். தள்ளினாலும் ஓட எதுவும் இல்லை என்றானதும் கையை எடுத்துவிடுங்கள்.

மடிக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது, கல்லுக்குக் கல் மாறும். நான் சொன்ன அளவுக்கு ஊற்றியதிலிருந்து ஒரு நிமிடம் முதல் ஒன்றேகால் நிமிடம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். நம்பத் தகுந்தது கோடு. திருப்பியின் மூலையால் ஆம்லெட்டின் நடுவில், அடிவரை போகாமல், இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. கோட்டின் இரு கரையும் மெதுவாகச் சரிந்து, மூடாமல், உள்ளே பளபளவென்று ஈரம் தெரிந்தால் அந்த நொடிதான். கோடு வெட்டிய மாதிரியே நின்று, மேல்பரப்பில் பளபளப்புப் போய் மங்கியிருந்தால் தாமதமாகிவிட்டது. இந்த மூன்று நிலைக்கும் இடையில் இருப்பது பத்துப் பதினைந்து நொடிதான். அதனால் கோடு மூடிக்கொள்ளும் நிலையிலிருந்தே பக்கத்தில் நில்லுங்கள், குழம்பு கிளறப் போகாதீர்கள்.

கோடு சரிந்து நின்றதும் முதலில் அடுப்பை அணையுங்கள், பிறகு மடியுங்கள். திருப்பியை ஒரு பக்க அடியில் பாதிவரை செலுத்தி, தூக்கி, மறுபாதி மேல் சாயுங்கள். ஈரமான இரண்டு முகமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அவை ஒன்றையொன்று வேகவைத்துக்கொள்ளும், கல் அவற்றைத் தொடாது. மடிப்பின் மேல் திருப்பியால் அழுத்தாதீர்கள். அழுத்தும்போது வரும் அந்தச் சுர்ர் சத்தம், நீங்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய தண்ணீர் ஆவியாகும் சத்தம். இருபது நொடி கழித்து ஒரு தரம் மறுபக்கம் புரட்டி, பத்து நொடியில் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்பைத்தான் அணைத்துவிட்டோமே, கல்லிலேயே இருக்கட்டும் என்று விட்டால் கெட்டது. கல்லின் சூடு அடுத்த சில நிமிடங்களுக்கு ஆம்லெட்டை விடாது. ஹாட்பாக்ஸில் மூடி வைத்தாலும் இதே கதிதான், ஆவி கோத்து நீர்விடும்.

மடிக்கும்போது மடிப்பில் வெடித்துப் பிளந்தால் தாமதம், உள்ளிருந்து வழிந்தால் அவசரம். ஒரு எச்சரிக்கை: உள்ளே பளபளப்பாக ஈரம் இருக்கும் இந்தப் பதம் திடமான பெரியவர்களுக்கு. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, முடியாதவர்கள், வயதானவர்கள் தட்டுக்குப் போகும் ஆம்லெட்டில் திரவமே இருக்கக் கூடாது. அவர்களுக்குக் கோடு வெட்டிய மாதிரி நிற்கும்வரை சிம்மில் விட்டு மடியுங்கள், அல்லது மடித்த பிறகு கல்லில் அரை நிமிடம் கூடுதலாக விடுங்கள். சிம்மிலேயே அந்த அரை நிமிடம் கூடினால் கொஞ்சம் கெட்டிப்படும், ரப்பராகாது.

இப்போது உங்கள் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. முதல் ஆம்லெட்டை எடுத்தபோது அடுப்பு அணைந்திருக்கிறது. கல்லில் ஒட்டிய வெங்காயத் துண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் துடையுங்கள், விட்டுவைத்தால் அடுத்ததன் அடியில் கருகும். சொட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பரவிக் காய்ந்தால் சிம்மில் பற்றவைத்து உடனே ஊற்றலாம். சொட்டு ஓடினால் இரண்டு டீஸ்பூன் தண்ணீரைக் கல் முழுக்கத் தெளித்துக் கொதித்து அடங்கவிட்டுத் துடையுங்கள். அந்தப் பத்து மில்லி தண்ணீர் ஆவியாகும்போது கல்லிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரியைக் கொண்டுபோய்விடும், அதாவது ஒரு ஆம்லெட் எடுக்கும் அளவுக்கே. சோம்பிக் கிடந்தால் நடுத்தரத் தீயில் அரை நிமிடம், மறுபடி சிம். பழக்கத்தில் மூன்றாவதும் நாலாவதும் பெரும்பாலும் முழுக்க சிம்மிலேயே முடிந்துவிடும், சிலசமயம் கடைசியைத் தீயே இல்லாமல் போடலாம். வார்ப்பு இரும்புக்கல் என்றால் தெளிப்பதோடு நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் விரிசல் விடும்.

நான்ஸ்டிக் தவாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது இலேசு, சூட்டைப் பிடித்து வைக்காது. அடுப்பை அணைத்துவிட்டால் வேகாமல் நிற்கும், அதனால் கடைசிவரை சிம் வேண்டும். அதை வெறுமையாக மூன்று நிமிடம் காயவைக்கவும் கூடாது.

நம் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களிடம் வாத்து முட்டை வாங்குகிறவர்கள் உண்டு. அது எழுபது கிராம்வரை இருக்கும், வெள்ளைக்கரு கெட்டி, கோழி முட்டையைவிடச் சீக்கிரம் இறுகும். ஒரு வாத்து முட்டைக்கு இரண்டு டீஸ்பூன் தண்ணீர் சேர்த்து, கோடு சரியத் தொடங்கும் முன்பே, மேலே இன்னும் கொஞ்சம் ஓடும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். அதை உள்ளே ஈரமாக விட்டுச் சாப்பிட வேண்டாம், மடித்தபின் கல்லில் வைத்து முழுக்க உறையவிட்டே எடுங்கள். நாட்டுக்கோழி முட்டை நாற்பது கிராம்தான் வரும், இரண்டுக்குப் பதில் மூன்று உடைத்தால் மேலே சொன்ன தடிமன் கிடைக்கும்.

முடிந்தால் ஆம்லெட்டுக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைப் படிவு இருக்கும் கல்லில் மறுநாள் காலை தோசை பிய்யும். ஒரே கல்தான் என்றால், ஆம்லெட் முடிந்த சூட்டிலேயே கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.